புதுப் பள்ளியில் முதல் நாள்: 5 மார்க் நாட்குறிப்பில் 3 மார்க் எங்கே போகிறது?

போன வாரம் ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்தபோது சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கேள்வித்தாள். கொஞ்சம் சாய்ந்து, கட்டைவிரல் நிழலோடு எடுத்திருந்தாள். கீழே ஒரு வரி: "அக்கா, இதுக்கு 5-க்கு 2 தான் போட்டிருக்காங்க. திரும்ப எழுதிட்டு வரச் சொல்றாங்க. நீங்கதான் எழுதுறவங்களாச்சே, ஹெல்ப் பண்ணுங்க."

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது நடந்துகொண்டிருக்கும் தேர்வின் போட்டோ இல்லை. தேர்வு முடிந்து, தாள் திருத்தி, கைக்கு வந்த பிறகு எடுத்தது. அப்படி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

தங்கச்சிக்கு வீடு மாமல்லபுரத்தில். சித்தப்பா ஒரு சிற்பக்கூடத்தில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்பு வரை ஊரிலேயே படித்தவள், ஒன்பதாம் வகுப்புக்குச் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் முப்பது கிலோமீட்டர் பக்கம் பஸ். அவளுக்கு வந்த கேள்வி என்ன தெரியுமா? புதிய பள்ளியில் முதல் நாள். உண்மையிலேயே அதை அனுபவித்தவளுக்கே அந்தக் கேள்விக்கு 2 மார்க்! ஏன் என்று பார்த்தால், நாட்குறிப்பு கேள்வியை எழுதும் நிறைய மாணவர்களுக்குப் பயன்படும் விஷயம் அதில் இருக்கிறது.

போட்டோவில் காணாமல் போன வரி

போட்டோவில் எனக்குத் தெரிந்த கேள்வி இது: "நீ உன் பெற்றோருடன் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள புதிய பள்ளியில் சேர்ந்துள்ளாய். அப்பள்ளியில் உன் முதல் நாள் அனுபவத்தை அன்றிரவு நாட்குறிப்பாக எழுது. குறிப்புகள்: எதிர்பார்ப்பு – வகுப்பறை – ஒரு நிகழ்வு – மனநிலை."

நான் உடனே ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டேன். இன்னும் விரிவா எழுது, பஸ் பயணத்தைச் சேர், மதிய சாப்பாட்டைச் சேர் என்று நாலு வாய்ஸ் மெசேஜ். அனுப்பி முடித்த பிறகுதான் போட்டோவை ஜூம் செய்து பார்த்தேன். கீழ் ஓரத்தில் எழுத்துகளின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. ஒரு வரி பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. "கீழ இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். இன்னொரு போட்டோ வந்தது. "(120 சொற்களுக்கு மிகாமல்)."

நான் கொடுத்த ஆலோசனை அத்தனையும் தப்பு. அவள் ஏற்கெனவே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதை இன்னும் நீட்டச் சொல்லியிருக்கிறேன்!

கேள்வியைப் போட்டோவாகப் பகிரும்போது இது அடிக்கடி நடக்கிறது. நமக்குத் தேவை கேள்வி மட்டும்தானே என்று அதை மட்டும் மையத்தில் வைத்து எடுக்கிறோம். ஓரங்களில்தான் முக்கியமானது இருக்கும். வலது ஓரத்தில் மதிப்பெண், கீழே சொல் எண்ணிக்கை, மேலே "எவையேனும் ஒன்றனுக்கு மட்டும்" என்ற வரி, இரண்டு கேள்விகளுக்கு நடுவே தனியாக நிற்கும் "அல்லது". தாள் மடிப்பில் இருந்தால் வரிக்கடைசிச் சொற்கள் வளைவுக்குள் போய்விடும். அடுத்த கேள்வி எண் தெரிகிற வரை கீழே இறக்கி எடுத்தால் எதுவும் விட்டுப்போகாது. யாராவது உங்களுக்கு அனுப்பினால், முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் படத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். நான் பார்க்கவில்லை.

கேள்வியை முழுதாகப் படித்தபின் இன்னொன்றும் கண்ணில் பட்டது. "குடிபெயர்ந்து" என்ற சொல். தங்கச்சி குடிபெயரவில்லை, பஸ்ஸில் போய்வருகிறாள். அதனால் அவள் தன் விடைத்தாளில் பஸ் பயணத்தை ஆறு வரி எழுதியிருந்தாள். உண்மைதான், ஆனால் கேள்வியில் இருக்கும் மாணவி வேறு ஊருக்கு வீடு மாறியவள். அந்த வீடு விடையில் எங்குமே இல்லை. அதேபோல "அன்றிரவு" என்பதும் சும்மா போட்ட சொல் இல்லை. அதற்கு வருகிறேன்.

அவள் எழுதியிருந்தது

விடைத்தாளையும் அனுப்பச் சொன்னேன். முதல் வரி: "பள்ளி என்பது அறிவுக்கோயில்." அடுத்து, தன் பெயர், வகுப்பு, எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்ற அறிமுகம். பிறகு பஸ். பிறகு, "ஆசிரியர்களும் மாணவர்களும் என்னை இன்முகத்துடன் வரவேற்றனர். நான் அகமகிழ்ந்தேன்." பிறகு தோழி ஒருத்தியைப் பற்றி நாலு வரி, அதன் முடிவில், "நாளடைவில் அவள் என் உயிர்த்தோழி ஆனாள்." கடைசியில், புதிய இடத்துக்குப் போக யாரும் பயப்படக் கூடாது என்று ஓர் அறிவுரை.

மேலே தேதி "ஜூன் 2, ஞாயிறு" என்று இருந்தது. ஆண்டு இல்லை. 2024-ல் ஜூன் 2 ஞாயிறுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளியில் முதல் நாள்? அவள் மனதில் இருந்தது 2025. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த ஜூன் 2 திங்கட்கிழமை. ஆசிரியர் அந்த 'ஞாயிறு'வைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார். தேர்வு அறையில் காலண்டர் இருக்காது. கிழமை சந்தேகமாக இருந்தால் அன்றைய தேர்வுத் தேதியையே போட்டுவிடலாம், அது கேள்வித்தாளிலேயே இருக்கும். ஆனால் அன்று பள்ளி நாள்தானா என்று மட்டும் ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

மீதி விடையில் எழுத்துப்பிழை என்று பெரிதாக இல்லை. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அப்புறம் ஏன் 2?

நாட்குறிப்புக்கு நாளை தெரியாது

அவள் எழுதியது ஒரு கட்டுரை. மேலே தேதி ஒட்டிய கட்டுரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'அன்புள்ள நாட்குறிப்பே' என்று தொடங்குவதில்தான் பலர் தேடுகிறார்கள். அந்த விளிப்பு கட்டாயமான ஒன்று இல்லை, ஆசிரியர் எதிர்பார்த்தால் போடலாம். வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில்: எழுதுகிறவளுக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது?

இரவு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்து எழுதும் ஒருத்திக்கு அன்று காலை தெரியும், மதியம் தெரியும். நாளை தெரியாது. "நாளடைவில் அவள் என் உயிர்த்தோழி ஆனாள்" என்ற வரியை அவளால் எழுதவே முடியாது. அந்த நாள்கள் இன்னும் வரவில்லையே! அந்த ஒரு வரி வந்ததுமே, இது அன்றிரவு எழுதியது இல்லை என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். கேள்வியில் "அன்றிரவு" என்று இருப்பது இதைத்தான் சோதிக்கிறது.

காலமும் அப்படியே பிரியும். பகலில் நடந்தவை இறந்தகாலம். இப்போது எப்படி இருக்கிறது என்பது நிகழ்காலம்: தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது. நாளைக்கு என்ன என்பது எதிர்காலம், அதுவும் கேள்வியாக அல்லது எண்ணமாகத்தான் இருக்க முடியும். மூன்றும் ஒரே பக்கத்தில் இயல்பாக வருகிற எழுத்து இது.

தெரியாதது போலவே, தெரிந்ததையும் சொல்லத் தேவையில்லை. என் நாட்குறிப்புக்கு என் பெயரும் வகுப்பும் தெரியும். யாராவது தன் டைரியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்களா? வகுப்பைச் சொல்ல வேண்டுமென்றால் நிகழ்வுக்குள் வைத்துச் சொல்லலாம்: இந்தப் பிரிவில் இடம் கிடைத்தது, இந்த வரிசையில் உட்கார்ந்தேன். அறிவுரையும் வேண்டாம். தனக்குத்தானே எழுதுகிறவள் உலகத்துக்கு எதற்குப் புத்தி சொல்கிறாள்?

நம்ம ஊர்ப்பக்கமே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. இதே கிழக்குக் கடற்கரையில் கீழே போனால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக் கம்பெனிக்கு துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கவர்னர் கூப்பிட்டார், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்று கண்டதையும் கேட்டதையும் வைத்து எழுதியவை. நாளைக்கு எந்தக் கோட்டை யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் இன்றைக்கும் அதைப் படிக்க வைக்கிறது.

பள்ளிப் பாடத்திலேயே இன்னொன்று உண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பின் ஒரு பகுதி இருக்கிறது. 1942 ஜூனில், பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுதத் தொடங்கியவள். அந்தப் பாடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். வகுப்பில் பேசிக்கொண்டே இருந்ததற்குத் தண்டனையாகக் கட்டுரை எழுதச் சொல்வார். பள்ளி, படிப்பு, நட்பு என்று பொதுவாக அவள் எழுதவில்லை. ஒரு வாத்தியார், ஒரு தண்டனை, அதிலிருந்து எப்படித் தப்பித்தாள் என்று எழுதினாள்.

ஒரு சின்ன இடைச்செருகல்: அதே ஆன், 1944-ல், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரித்து வைக்கப்போவதாக வானொலியில் கேட்டபின், தன் நாட்குறிப்பை மற்றவர்கள் படிப்பதற்காகத் திருத்தி எழுதத் தொடங்கினாள். அதாவது, தனக்காக எழுதுவதும் படிப்பவருக்காக எழுதுவதும் ஒரே நோட்டில் இருக்க முடியும். தேர்வு நாட்குறிப்பின் நிலைமையும் அதுதான். தனக்கு எழுதுவது போல எழுதணும், ஆனா டீச்சர் படிப்பாங்க.

"உண்மையில என்னதான் நடந்துச்சு?"

அவளுக்குப் போன் செய்தேன். தாளை ஓரமா வை, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லு என்றேன். பத்து நிமிஷம் பேசினாள். இன்முகத்துடன் வரவேற்றவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் எங்குமே வரவில்லை.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே போனாளாம். முதலில் தவறான வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். வருகைப்பதிவு எடுத்தபோது 42 பெயர் முடிந்தும் இவள் பெயர் வரவில்லை. எழுந்து நின்றாள். டீச்சர் பதிவேட்டின் கடைசி வரியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். மகாபலிபுரம் என்றதும் ஒருத்தி, "அப்போ தினமும் பீச்சுக்குப் போவியா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் கடைசியாகக் கடற்கரைக்குப் போய் மாதக்கணக்காகியிருக்கும். ஆனாலும் "ஆமா" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மதியம் டிபன் பாக்ஸில் நெத்திலி வறுவல் இருந்திருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் டப்பாவில் தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும். மூடியைப் பாதி மூடியபடியே வேகமாகச் சாப்பிட்டு முடித்தாளாம். யாரும் எதுவும் சொல்லவில்லை. "யாருமே எதுவும் சொல்லலக்கா. நானாதான்."

எழுதுகிறவள் என்ற முறையில் எனக்குச் சட்டென்று அதுதான் பிடித்தது. அதை எழுது என்றேன். உடனே, "ஐயோ வேணாம்க்கா, டீச்சர் படிப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் கேட்டதுதான் கொஞ்சம் அதிகப்படி. தேர்வு நாட்குறிப்பு அந்தரங்கம் மாதிரி தோற்றம் கொண்ட ஒரு பொது எழுத்து. திருத்துபவர் படிப்பார், சில சமயம் வகுப்பில் சத்தமாக வாசிக்கவும் வாய்ப்பு உண்டு. ஐந்து மார்க்குக்காக யாரும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. உண்மையாக எழுது என்று சொல்வதற்கும், எல்லா உண்மையையும் எழுது என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. (நெத்திலியை இங்கே எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாம எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.)

நான்கில் எதை எடுப்பது? கேள்வியில் "ஒரு நிகழ்வு" என்று ஒருமையில் இருக்கிறது. 120 சொல்லில் நான்கு நிகழ்வுகளைச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வரிதான் மிஞ்சும், பட்டியலாகிவிடும். அவளே பதிவேட்டை எடுத்தாள். நல்ல தேர்வு என்று எனக்குத் தோன்றியது. அதில் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி இருக்கிறது, முக்கியமாக, அன்றைக்கு முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. பென்சிலில் எழுதிய பெயர் நாளைக்கும் பென்சிலிலேயே இருக்குமா? நாட்குறிப்பின் கடைசி வரி தானாகவே கிடைத்துவிட்டது.

குடிபெயர்ந்த வீட்டுக்குத்தான் கொஞ்சம் கற்பனை தேவைப்பட்டது. எங்கள் பாட்டி வீடு செங்கல்பட்டில் ரயில் பாதைக்குப் பக்கம். லீவுக்கு வந்து தங்கினால் முதல் ராத்திரி அவளுக்குத் தூக்கமே வராது. மாமல்லபுரத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிற்பப் பட்டறை. பகலெல்லாம் உளிச் சத்தம், இருட்டினால் ஓய்ந்துவிடும். இங்கே ராத்திரியிலும் ரயில். "அதை வெச்சுக்கலாமா?" என்று அவளே கேட்டாள். பொய்யான வீடு, உண்மையான சத்தம். தேர்வில் இப்படிச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. கேள்வி தருகிற சூழலுக்குள் நம் அனுபவத்தைக் கொண்டுபோய் வைக்கத்தான் சொல்கிறார்கள்.

'பஸ்'ஸா, 'பேருந்'தா?

தமிழில் நாட்குறிப்பு எழுதுவதில் ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நிஜ வாழ்க்கையில் டைரி எழுதினால் நாம் பேசுவது போலத்தான் எழுதுவோம். "இன்னிக்கு ஸ்கூல்ல செம கடுப்பு." தேர்வில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும். தமிழ்த் தேர்வு எழுத்து வழக்கைத்தான் எதிர்பார்க்கிறது. அந்தப் பயத்தில் பிள்ளைகள் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அகமகிழ்ந்தேன், இன்முகத்துடன், உவகை பொங்க. பதினான்கு வயசுப் பெண் ராத்திரி படுக்கும் முன் 'அகமகிழ்ந்தேன்' என்று எழுதுவாளா?

நடுவில் ஒரு வழி இருக்கிறது. இலக்கணம் எழுத்து வழக்கில், சொற்கள் எளிமையாக. "சந்தோஷமா இருந்துச்சு" வேண்டாம், "அகமகிழ்ந்தேன்" வேண்டாம், "மகிழ்ச்சியாக இருந்தது" போதும். அதைவிட, மகிழ்ச்சியா பயமா என்று பெயர் சொல்லாமல் உடம்பில் என்ன நடந்தது என்று சொன்னால் இன்னும் நல்லது. உள்ளங்கை வியர்த்திருந்தது என்றால் பயம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பேச்சு வழக்கு வேண்டுமென்றால் யாராவது பேசியதை மேற்கோள் குறிக்குள் ஒரே ஒரு இடத்தில் வைக்கலாம். அதையும் ஏற்காத ஆசிரியர்கள் உண்டு, அவரவர் டீச்சரைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

சொல் எண்ணிக்கைக்கு வருவோம். தேர்வில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் கையெழுத்தில் ஒரு வரிக்கு ஆறு சொல் வருகிறது. ஆக 120 சொல் என்றால் இருபது வரி. உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை என்று வீட்டிலேயே ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால், தேர்வில் வரியை மட்டும் எண்ணினால் போதும். சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் வரும் நாட்குறிப்புக் கேள்வியும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 100 முதல் 120 சொல், 5 மார்க்.

இரண்டாவது முறை எழுதியது

அவள் எழுதி அனுப்பியதில் நான் இரண்டு இடத்தில் மட்டும் கை வைத்தேன். ஒன்று, 'ஜன்னல்' என்று இருந்ததை 'சன்னல்' ஆக்கினேன், அவள் டீச்சர் கிரந்த எழுத்துக்குக் கோடு போடுவாராம். இன்னொன்று, கடைசியில் மறுபடி எட்டிப்பார்த்த அறிவுரை வரியை அடித்தேன். மற்றதெல்லாம் அவளுடையது.

2 ஜூன் 2025, திங்கட்கிழமை
இரவு 9.40 மணி

அன்புள்ள நாட்குறிப்பே,

இன்னும் தூக்கம் வரவில்லை. மாமல்லபுரத்தில் இந்நேரம் பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் ஓய்ந்திருக்கும். இங்கே ரயில் சத்தம் ஓயவே இல்லை.

காலையில் பள்ளி வாசலை அடைந்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. இவ்வளவு பெரிய பள்ளியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. சன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம்.

வருகைப்பதிவு எடுத்தார்கள். நாற்பத்திரண்டு பெயர்களும் முடிந்தன. என் பெயர் வரவில்லை. எழுந்து நின்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் என் பெயரைக் கேட்டு, கடைசி வரியில் பென்சிலால் எழுதினார். "நாளைக்குப் பேனாவுல எழுதிடறேன்மா" என்றார். நான் தலையாட்டினேன். உட்காரும்போது பக்கத்துப் பெண் தன் பையை நகர்த்திக்கொண்டாள். எனக்கு இடம் விடவா, என்னிடமிருந்து விலகவா என்று தெரியவில்லை.

அம்மா "எப்படி இருந்தது?" என்று கேட்டபோது "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய் இல்லை. நாளை அந்தப் பதிவேட்டில் என் பெயர் பேனாவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குக் கீழே தன் பெயரை எழுதியிருந்தாள். தேதியையும் விளிப்பையும் விட்டுவிட்டு எண்ணினால் 101 சொல்.

கேள்வியின் நான்கு குறிப்புகளும் இதில் இருக்கின்றன, ஆனால் வரிசையாக எண் போட்டு நிற்கவில்லை. எதிர்பார்ப்பு ஒரே வரி. வகுப்பறைக்கு இரண்டே வரி. நிகழ்வுக்குத்தான் பாதிக்கு மேல் இடம் போகவில்லை என்றாலும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். மனநிலை முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் பிரிந்து கிடக்கிறது. "பயந்தேன்" என்ற சொல் எங்கும் இல்லை. அந்தப் பையை நகர்த்திய வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. போனில் பேசும்போது அவள் அதைச் சொல்லவே இல்லை. எழுத உட்கார்ந்தபோது ஞாபகம் வந்ததாம். பழைய விடையில் உயிர்த்தோழி ஆனது இந்தப் பெண்தான். இதில் அவள் தோழியா இல்லையா என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது, அதனால் படிக்கிற நமக்கும் தெரியாது.

குறை என்று சொன்னால், வீடு மாறியதை இன்னும் ஒரு வரி தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ரயில் சத்தத்தை வைத்து நான் புரிந்துகொண்டேன். நூறு தாள் திருத்தும் அவசரத்தில் இருக்கும் ஒருவர் "குடிபெயர்ந்தது எங்கே?" என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. சொல் எண்ணிக்கையில் இடமும் மிச்சம் இருந்தது. இதைச் சொன்னேன். "புது வீட்டில் முதல் வாரம் என்று போட்டுக்கிறேன்" என்றாள். போட்டாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் திருத்திய தாளின் போட்டோ வந்தது. பஸ்ஸில் எடுத்திருப்பாள் போல, கொஞ்சம் ஆடியிருந்தது. மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. மார்க் போடுவது அங்கேதான்.

"எவ்வளவுடி?" என்று அனுப்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியபிறகு பதில் வந்தது. "நாலுக்கா. புது வீட்டை எழுத மறந்துட்டேன்."